காசு வாங்குவதற்கு ஓடிபி எதற்கு?

பழைய சாமான் விற்கும் தளத்தில் விளம்பரம் போட்டால், நல்ல வாங்குநரை விட வேகமாக வந்து சேர்வது போலி வாங்குநரின் செய்திதான். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட போன் திருத்தும் கடை வைத்திருப்பதால் இந்தச் செய்திகளை அடிக்கடி பார்க்கிறேன். திரை உடைந்த போனைக் கொண்டு வருகிறவர்கள், "இதையும் ஒருக்கா பாருங்கோ, காசு வந்திருக்கெண்டு சொல்லுது" என்று ஒரு லிங்கைக் காட்டுவார்கள். சிலர் அதில் விவரம் நிரப்ப முன்னமே காட்டுகிறார்கள், சிலர் நிரப்பிய பிறகு. முன்னம் காட்டுகிறவர்களின் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், உண்மையாக வாங்க வருகிறவர் எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பாருங்கள். கிண்ணியாவில் இருந்தோ மூதூரில் இருந்தோ தம்பலகாமத்தில் இருந்தோ ஒருவர் அழைப்பார். "சாமான் இருக்கா?" என்பது முதல் கேள்வி. "எத்தனை வருசம் பாவிச்சது? ஏன் விக்கிறியள்? கடைசி விலை சொல்லுங்கோ" என்று அடுத்தடுத்து வரும். சொன்ன விலையை எவரும் அப்படியே ஏற்பதில்லை. நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்வார், அல்லது மச்சானையோ தெரிந்த மெக்கானிக்கையோ அனுப்புவார். கொழும்புக்காரர் என்றால், "இரவு பஸ்ஸில போட்டு விடுங்கோ, காசை கணக்குக்கு போடுறன்" என்பார், இல்லாவிட்டால் சாமானைக் கையில் வாங்கும்போது கூரியர்காரரிடம் காசு கொடுக்கும் முறையைக் கேட்பார். எந்த வழியானாலும் அவருக்குச் சாமானில்தான் கண். பொருளில் பழுது இருந்தால் அவருடைய காசு போகும் என்ற பயம் அந்தக் கேள்விகளில் தெரியும்.

போலி வாங்குநருக்கு அந்தப் பயம் கிடையாது, ஏனென்றால் அவர் எதையும் வாங்கப் போவதில்லை. அதனால் பொருளைப் பற்றிக் கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இராது. லிங்க் வருவதற்கு முன்பே தெரிகிற அடையாளம் இதுதான், என் பார்வையில் மிக நம்பகமானதும் இதுதான். எழுத்துப் பிழையை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது சரியாக இருந்தது. இப்போது வருகிற செய்திகள் பிழையில்லாத தமிழில் வருகின்றன. நம்மில் பலரோ அவசரத்தில் பிழையோடுதான் தட்டச்சுச் செய்கிறோம். பிழையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நல்ல வாங்குநரைத்தான் விரட்டுவோம்.

ஒரு சம்பவத்தை முழுமையாகச் சொல்கிறேன். மட்டிக்களியில் தையல் வேலை செய்கிற மாமி ஒருவர். கண் பார்வை குறைந்துகொண்டு வந்ததால், தன்னுடைய ஓவர்லொக் மெசினை விற்க நினைத்தார். மகள் படம் எடுத்து 58,000 ரூபாய் என்று விலை போட்டு விளம்பரத்தை ஏற்றிவிட்டார். அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. தளத்தின் அரட்டைப் பெட்டியில் இல்லை, நேரே வாட்ஸ்அப்பில். வணக்கம் சொல்லி, மெசின் இன்னும் விற்கப்படவில்லையா என்று கேட்டது. இருக்கிறது என்று மாமி பதில் போட்டதும், "நல்லது, எடுத்துக்கொள்கிறேன்" என்று வந்தது. எத்தனை நூல் ஓடும் மெசின், மோட்டர் முதலில் வந்ததா மாற்றியதா, மேசையோடு வருமா, ஒன்றும் கேட்கவில்லை. ஓவர்லொக் மெசின் வாங்குகிற எவரும் மூன்று நூலா நான்கு நூலா என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவும் இல்லை.

அடுத்த செய்தி நீளமானது. தான் கொழும்பில் வேலை செய்வதாகவும், நேரில் வர முடியாது என்றும், அதனால் தளத்தின் விநியோகச் சேவை மூலம் பணம் முழுவதையும் கட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தது. கீழே உள்ள லிங்கைத் திறந்து உறுதிசெய்தால் பணம் மாமிக்கு வந்துவிடும், கூரியர்காரர் வீட்டுக்கு வந்து மெசினை எடுத்துப்போவார், கூலியும் கட்டியாயிற்று. மாமி லிங்கைத் திறந்திருக்கிறார். அவருடைய மெசின் படம்தான் முதலில் தெரிந்தது. அவர் வீட்டு விறாந்தையில், சிவப்புச் சீமெந்துத் தரையில் வைத்து மகள் எடுத்த அதே படம். படத்துக்குக் கீழே 58,000 ரூபாய், "செலுத்தப்பட்டது" என்று பச்சை எழுத்து, "பணத்தைப் பெறுக" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தியதும் வங்கிக் கார்டின் விவரம் கேட்கும் பக்கம் வந்திருக்கிறது.

மாமி என் கடைக்கு வந்தது சந்தேகப்பட்டு அல்ல. "தம்பி, கார்டுக்குப் பின்பக்கம் இருக்கிற சின்ன மூண்டு இலக்கம் எனக்குத் தெரியேல்ல, வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டுத்தான் வந்தார். தன் மெசினின் படமே அந்தப் பக்கத்தில் இருக்கும்போது சந்தேகம் எப்படி வரும்?

அந்தப் படம் எப்படி அங்கே வந்தது என்பதைச் சொன்னால் பலருக்குக் கண் திறக்கும். நம்முடைய விளம்பரம் யாரும் பார்க்கக்கூடிய பக்கம். அதில் உள்ள படம், தலைப்பு, விலை எல்லாவற்றையும் ஒரு நிரல் நொடியில் இழுத்து எடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிவிடும். இதற்கென்றே செய்து வைத்த கருவிகள் இருக்கின்றன. 2019இல் ரஷ்யாவில் தொடங்கிப் பிறகு பல நாடுகளுக்குப் பரவிய இந்த முறைக்கு, குரூப்-ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனம் கிளாசிஸ்காம் என்று பெயர் வைத்தது. 2023இல் ஈசெட் என்ற ஸ்லோவாக்கிய நிறுவனம், இந்த வேலைக்குப் பயன்படும் டெலிகிராம் பொட் ஒன்றை, அதாவது டெலிகிராமில் தானாகவே பதில் கொடுக்கும் ஒரு நிரலை, ஆராய்ந்து வெளியிட்டது. ஏமாற்றுகிறவருக்குக் கணினி அறிவே தேவையில்லை. விளம்பரத்தின் முகவரியைப் பொட்டுக்குக் கொடுத்தால், அது போலிப் பக்கத்தைச் செய்து லிங்கைக் கையில் தரும். கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு குழுவை நடத்துகிறவருக்குப் போகும். ஏமாறுகிறவர்களை அந்தக் கூட்டத்தில் மாமத் என்று அழைக்கிறார்களாம், அதாவது வேட்டையாடப்படும் பெரிய விலங்கு. திருகோணமலைக்கு வருகிற லிங்குகளை யார் அனுப்புகிறார்கள் என்று எனக்குச் சொல்ல முடியாது, ஆனால் அவற்றின் கட்டமைப்பு இதேதான்: உங்கள் படம், உங்கள் விலை, ஒரு பச்சைப் பொத்தான், ஓரத்தில் "உதவி வேண்டுமா?" என்று ஓர் அரட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியில் பதில் சொல்கிறவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்.

வாட்ஸ்அப்பில் லிங்கோடு சேர்ந்து தெரிகிற சின்னப் படமும் சின்னமும் கூட அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு என்ன முன்னோட்டம் காட்ட வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தைச் செய்தவரே எழுதி வைக்கிறார், வாட்ஸ்அப் அதை எடுத்துக் காட்டுகிறது. தளத்தின் சின்னம் அங்கே தெரிவதால் அது தளத்தின் லிங்க் ஆகிவிடாது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். உங்கள் போனுக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையில் போகும் தகவலை வேறொருவர் வாசிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் பூட்டு. பக்கத்தை வைத்திருப்பவர் நல்லவரா கள்ளனா என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழை எவரும் இலவசமாகவே எடுக்கலாம்.

போலிப் பக்கத்தில் அவர்களால் நகலெடுக்க முடியாத ஒன்று முகவரி மட்டும்தான். அதை வாசிக்க ஒரு முறை இருக்கிறது, ஒரு தடவை பழகினால் போதும். நீங்கள் விளம்பரம் போட்ட தளத்தின் முகவரி `example.lk` என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றையும் பாருங்கள்:

```
https://example.lk/ad/4471
https://example.lk-pay.shop/order/4471
https://pay-example.top/lk/4471
```

முன்னால் உள்ள `https://` ஐ விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிற முதல் சாய்கோட்டைத் தேடுங்கள். அந்தச் சாய்கோட்டில் இருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். முதலாவதில் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் `example.lk` மட்டும் இருக்கிறது, அது தளமேதான். இரண்டாவதில் சாய்கோட்டை ஒட்டி இருப்பது `.shop`, அதற்கு முன்னால் `lk-pay`. ஆகவே அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் `lk-pay.shop` என்ற பெயரை வாங்கியவர். அதற்கு முன்னால் `example` என்று ஒட்டிக்கொள்வதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. தமிழை வாசிப்பது போல இடமிருந்து வலமாக வாசிப்பதால்தான் கண் `example.lk` என்பதைப் பார்த்தவுடன் நம்பிவிடுகிறது. மூன்றாவதில் `lk` என்பது சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கிறது. அங்கே எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதற்கு மதிப்பே இல்லை.

போனில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான முகவரியைத் திரை முழுவதுமாகக் காட்டாது. மேலே முகவரி தெரியும் இடத்தை விரலால் ஒரு தடவை தொட்டால் முழு முகவரியும் விரியும். மாமியின் போனில் அப்படித் தொட்டபோது, தளத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் வேறொரு பெயரும் நீண்டு வந்தன. அவருக்கு நான் காட்டியது அதை மட்டும்தான். "இது எங்கட தளத்தின்ர பேர் இல்லையே தம்பி" என்று அவரே சொன்னார்.

முகவரி வாசிப்பது எல்லோருக்கும் கைவராது என்பதும் எனக்குத் தெரியும். சில தளங்கள் சொந்தமாகவே விநியோகச் சேவையும் கட்டணச் சேவையும் நடத்துகின்றன, வேறு நாடுகளில் அது வழமைதான். ஆகவே, "தளம் மூலம் கட்டிவிட்டேன்" என்பது கேட்டவுடன் சிரித்துத் தள்ளக்கூடிய கதை அல்ல. சோதிப்பதற்கு இலகுவான வழி, வந்த லிங்கைத் தொடாமல், தளத்தின் செயலியை நீங்களே திறந்து உங்கள் கணக்குக்குள் போவது. உண்மையில் யாராவது தளம் மூலம் பணம் கட்டியிருந்தால் அது அங்கே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கட்டவில்லை. இதில் முகவரி பற்றிய அறிவு எதுவும் தேவையில்லை.

அடுத்தது கார்ட். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் தங்கியிருப்பது இங்கேதான்.

நமக்கு ஒருவர் பணம் அனுப்ப வேண்டும் என்றால் அவருக்குத் தேவை: பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம். இவ்வளவும் கொடுத்தால் இலங்கையில் எந்த வங்கியில் இருந்தும் இன்னொரு வங்கிக்கு நொடிகளில் பணம் வந்துவிடும். லங்காபே வலையமைப்பின் சீஃப்ட்ஸ் முறை 2015இல் இருந்து அதைச் செய்துகொண்டிருக்கிறது. கணக்கு இலக்கத்தைத் தெரிந்துகொண்டதால் மட்டும் எவராலும் அதில் இருந்து காசு எடுக்க முடியாது. கார்ட் இலக்கத்துக்கு நேரே பணம் அனுப்புகிற முறைகளும் உலகில் உண்டு. ஆனால் அதற்கும் முன்பக்கத்து இலக்கம் போதும். பின்பக்கத்து மூன்று இலக்கம், அதாவது சிவிவி, இணையத்தில் பொருள் வாங்குகிறவரிடம் கார்ட் உண்மையில் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. ஓடிபி, அந்தக் கொடுக்கல் கணக்குக்காரரின் சம்மதத்தோடுதான் நடக்கிறதா என்று வங்கி கேட்பது. இரண்டுமே காசு வெளியே போகும்போது கேட்கப்படுகிறவை. காசு உள்ளே வருவதற்கு உங்கள் சம்மதத்தை எந்த வங்கியும் ஓடிபி அனுப்பிக் கேட்காது. நாளைக்கு உங்கள் கணக்குக்கு யாராவது ஒரு இலட்சம் போட்டால், போட்ட பிறகுதான் உங்களுக்குக் குறுஞ்செய்தி வரும்.

இன்னொரு ஓடிபியும் இருக்கிறது. கார்ட் இலக்கத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டு, பிறகு ஓடிபியைக் கேட்பார்கள். கட்டணச் செயலிகளில் ஒரு வங்கிக் கணக்கை இணைக்கும்போது, கணக்குக்காரரின் போனுக்கு ஓர் ஓடிபி போகும். அந்த ஓடிபியை நீங்கள் கொடுத்தால் உங்கள் கணக்கு அவர்களுடைய போனில் உள்ள செயலியோடு இணைந்துவிடும். அதன் பிறகு உங்களுக்குத் தெரியாமலே அதில் இருந்து எடுக்கலாம். கார்ட் கேட்கவில்லை, ஆகவே பயமில்லை என்று நினைக்க வேண்டாம்.

மாமியின் விடயத்தில் நாங்கள் அந்த வாங்குநருக்கு ஒரு பதில் அனுப்பினோம்: கார்ட் பாவிப்பதில்லை, கணக்கு இலக்கம் தருகிறோம், அதற்குப் போடுங்கள். உண்மையான வாங்குநருக்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. வந்த பதில், ஏற்கெனவே தளத்துக்குக் கட்டியாகிவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்றது. சரி, சாமானை எடுக்கும்போது கூரியர்காரரிடம் காசு கொடுங்கள் என்றோம். அதற்கும் மாட்டேன். கிண்ணியாவிலோ கொழும்பிலோ தெரிந்தவர் யாரையாவது அனுப்பிப் பாருங்கள் என்றோம். இப்போது தொனி மாறியது. 12 மணித்தியாலத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பணம் முடங்கிவிடும், தன் காசுக்கு மாமிதான் பொறுப்பு என்று வந்தது. மாமியின் முகம் வாடிவிட்டது. யாரோ ஒருவருடைய காசு தன்னால் வீணாகிவிடுமோ என்றுதான் அவர் கவலைப்பட்டார். இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு வருகிற கோபம் இதற்காகத்தான். பேராசைக்காரர்தான் ஏமாறுவார் என்று பேசுகிறார்கள், ஆனால் இந்த லிங்கில் விழுகிறவர்களில் பலர், மற்றவரின் காசுக்கு மதிப்புக் கொடுப்பதால் விழுகிறார்கள்.

எந்த வழியைக் காட்டினாலும் அந்த ஒரு லிங்குக்கே திரும்பி வருகிறவர் வாங்குநர் அல்ல. பணம் தருகிறவருக்கு எந்த வழியில் கொடுத்தாலும் ஒன்றுதான். லிங்கில் தகவல் பிடிக்கிறவருக்கு மட்டும்தான் லிங்க் தவிர வேறு வழி இல்லை.

மாமி தப்பிவிட்டார். எல்லோரும் அப்படித் தப்புவதில்லை. கன்னியாப் பக்கம் ஒரு தம்பி, தன் பழைய கமராவை 45,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டிருந்தார். அவருக்கும் இதே கதை, இதே மாதிரிப் பக்கம். அவர் கார்ட் இலக்கம், காலாவதித் திகதி, சிவிவி எல்லாவற்றையும் நிரப்பினார். அதன் கீழே, "கணக்கைச் சரிபார்க்கத் தற்போதைய மீதியை எழுதுக" என்று ஒரு பெட்டி. அவர் 115,000 என்று எழுதினார். சற்று நேரத்தில் வங்கியில் இருந்து ஓடிபி வந்தது. அதையும் அந்தப் பக்கத்தில் போட்டார்.

மீதியை ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்தால் மொத்த வேலையும் விளங்கும். கார்டில் இருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. மீதியை விடக் கூடுதலாகக் கேட்டால் வங்கி மறுத்துவிடும். மறுத்த செய்தி சொந்தக்காரருக்கும் போய் அவர் விழித்துக்கொள்வார். ஆகவே மீதியை அவரிடமே கேட்டு, அதற்குச் சற்றுக் குறைவாக ஒரு தொகையை, வேறொரு இடத்தில் பொருள் வாங்குவதாகப் போடுகிறார்கள். பணம் அனுப்புகிறவருக்கு உங்கள் மீதி எதற்கும் தேவைப்படாது. அந்தப் பெட்டியைக் கண்டால் அதிலேயே நிறுத்திவிடலாம்.

அந்தத் தம்பி கடைக்கு வந்தபோது ஓடிபி வந்த குறுஞ்செய்தியைத் திறந்து அவருக்கு முன்னால் வரி வரியாக வாசித்தோம். ஆங்கிலத்தில் நான்கு வரிதான். அதில் ஆறு இலக்க எண் இருந்தது. கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுக் கடையின் பெயர் இருந்தது. தொகை 112,000 ரூபாய் என்று இருந்தது. கடைசி வரி, இந்த எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம், வங்கி ஊழியருக்கும் கூட, என்றது. கமராவின் விலை 45,000. குறுஞ்செய்தியில் இருப்பது 112,000. "அண்ணா, நான் நம்பரை மட்டும்தான் பார்த்தனான்" என்றார். போன் இப்போதெல்லாம் ஓடிபி வந்தவுடன் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் மேலே எடுத்துக் காட்டி, ஒரு தொடுதலில் நிரப்பியும் தருகிறது. மீதி வரிகளைக் கண் பார்ப்பதே இல்லை. ஆனால் வங்கி நம்மிடம் பேசுவது அந்த மீதி வரிகளில்தான். யாருக்கு, எவ்வளவு என்ற இரண்டும் அங்கே எழுதியிருக்கிறது. ஓடிபி வந்தால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் தொகையைப் பாருங்கள்.

அவருக்கு நடந்தது அதோடு முடியவில்லை. ஓடிபி போட்டவுடன் அந்தப் பக்கம் "பிழை ஏற்பட்டது, வேறொரு கார்டில் முயலவும்" என்றது. ஓரத்தில் உள்ள உதவிப் பெட்டியில் கேட்டபோது, பணம் திரும்பி வந்துவிடும், அதற்கு இன்னுமொரு கார்டை இணைக்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் கார்டை எடுக்கப் போன இடத்தில் அம்மா கேட்ட கேள்விதான் அவரை நிறுத்தியது. "காசு தாறவன் எதுக்கு என்ர கார்டைக் கேக்கிறான்?" போன காசைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டாவது தடவை எடுப்பது இந்த முறையின் வழமையான அடுத்த கட்டம். பிழை என்று வந்தால் முதல் தொகை ஏற்கெனவே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் விழுந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலாவது, கார்டை நிறுத்துவது. வங்கிச் செயலி போனில் இருந்தால் அதிலேயே கார்டைத் தற்காலிகமாக முடக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் கார்டின் பின்பக்கத்தில் உள்ள 24 மணித்தியால இலக்கத்துக்கு அழையுங்கள். பொலிசுக்குப் போவதோ, அந்த வாங்குநரோடு சண்டை பிடிப்பதோ இதற்குப் பிறகுதான். கணக்கு இலக்கத்தையும் ஓடிபியையும் கொடுத்திருந்தால் கார்டை நிறுத்துவது மட்டும் போதாது. கணக்கோடு ஏதாவது செயலி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து நீக்கச் சொல்லி வங்கியிடம் கேட்க வேண்டும்.

கார்டில் போன காசு திரும்ப வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். மறைக்காமல் சொல்கிறேன். ஓடிபி கொடுத்து நடந்த கொடுக்கலை, கணக்குக்காரர் சம்மதித்தது என்றே வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் திரும்பப் பெறுவது கடினம். இருந்தாலும் எழுத்தில் முறையிட வேண்டும், அதுவும் அன்றைக்கே. சில கொடுக்கல்கள் முதலில் தொகையை ஒதுக்கிவைப்பதோடு நிற்கும், கடைக்காரரின் கைக்கு முழுதாகப் போய்ச்சேரச் சில நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் முறையிட்டால் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. கடன் கார்டானால் போனது வங்கியின் காசு, தகராறை விசாரிக்கும் வரை கொஞ்சம் மூச்சுவிடலாம். டெபிட் கார்டானால் போனது உங்கள் சேமிப்பே. சீஃப்ட்ஸ் மூலம் இன்னொரு கணக்குக்குப் போன காசை அனுப்பியவரால் திருப்பி இழுக்க முடியாது. பெற்ற கணக்கில் அது இன்னும் இருந்தால் மட்டும், வங்கிகள் பேசி முடக்கிவைக்கக்கூடும். அதற்குத்தான் அந்த அவசரம். கன்னியாத் தம்பிக்கு இதை எழுதும் வரை காசு திரும்பி வரவில்லை. முறைப்பாடு வங்கியில் இருக்கிறது.

விற்பனைக்கு விளம்பரம் போடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். பல வங்கிகளின் செயலியில், டெபிட் கார்டை இணையக் கொடுக்கலுக்கும் வெளிநாட்டுக் கொடுக்கலுக்கும் மூடி வைக்கலாம். ஏடிஎம்மில் காசு எடுப்பதற்கு அது தடையாக இராது. இணையத்தில் எதுவும் வாங்காத மாமியைப் போன்றவர்களுக்கு அதைத் திறந்து வைக்க வேண்டிய தேவையே இல்லை. அன்றைக்கே அவருடைய செயலியில் அதை மூடிவிட்டோம்.

முறைப்பாடு செய்வது பற்றி. அந்த இலக்கத்தைத் தடைசெய்ய முன், செய்திகள் முழுவதையும், அனுப்பியவரின் இலக்கம் தெரியும் விதமாகத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். லிங்கை மீண்டும் திறக்க வேண்டாம். அழுத்திப் பிடித்து நகலெடுத்து, ஒரு குறிப்பில் எழுத்தாக ஒட்டி வைத்தால் போதும். வந்த ஓடிபி குறுஞ்செய்தியையும் அழிக்க வேண்டாம், அதில் கடையின் பெயரும் நேரமும் இருக்கின்றன. விளம்பரம் போட்ட தளத்துக்கு அந்த இலக்கத்தையும் லிங்கையும் அனுப்புங்கள். போலிப் பக்கத்தைப் பற்றி, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு 101 இல் அழைத்துச் சொல்லலாம். உங்கள் முறைப்பாட்டை வங்கி கவனிக்கவில்லை என்றால், மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவுக்கு 1935 இருக்கிறது. பொலிசில் முறைப்பாடு எழுதும்போது, காசை நீங்களாகவே அனுப்பிவிட்டீர்கள், இது உங்கள் சொந்தக் கொடுக்கல் வாங்கல் என்று யாராவது தட்டிக்கழிக்கப் பார்த்தால் பின்வாங்க வேண்டாம். கார்ட் விவரத்தை ஏமாற்றிப் பெற்று பாவிப்பது குற்றம், அதற்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டம் இருக்கிறது. முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வங்கி அதை உங்களிடம் கேட்கும்.